லைசென்ஸ் உள்ள சூதாட்டக் கம்பெனியாம்!

எங்கள் சங்கரன்கோவிலில் கிரிக்கெட் பந்தயம் கட்டுகிற பிள்ளைகளைக் கண்டித்தால் இப்போதெல்லாம் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். "தாத்தா, அது சும்மா ஆப் இல்ல. லைசென்ஸ் வாங்கின கம்பெனி." டீக்கடையில் கேட்டாலும் இதே பதில், தறிக்கூடத்தில் கேட்டாலும் இதே பதில். படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "பந்தயம் கட்டுவது அவரவர் இஷ்டம், ஆனால் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்" என்று புத்தி சொல்கிறார்கள். இந்தப் புத்திமதியை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். தமிழ்நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இது அரைகுறை உண்மை. அரைகுறை உண்மை முழுப்பொய்யைவிடக் கெடுதல் செய்யும்.

நான் காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அங்கேயே ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியின் ஊர் சங்கரன்கோவில் என்பதால் பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். உத்தியோக காலத்தில் பல வருடங்கள் உரிமப் பிரிவில் கழிந்தன. சினிமாக் கொட்டகை, சாராயக்கடை, பட்டாசுக்கடை என்று எத்தனையோ கோப்புகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. உரிமத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தால் எழுத்தர் நாலு விஷயம் பார்ப்பார். கொடுத்தது யார்? யார் பெயருக்குக் கொடுத்தது? எந்த எல்லைக்குள் செல்லும்? எந்தத் தேதி வரை செல்லும்? நாலில் ஒன்று இடித்தாலும் அது வெறும் காகிதம்.

மூன்றாவது கேள்வியைத்தான் நம் ஆட்கள் கேட்பதே இல்லை. காரைக்கால்காரனுக்கு அதை விளக்கவே வேண்டாம். காரைக்காலில் உரிமம் பெற்ற கடையில், ரசீதோடு, சட்டப்படி வாங்கிய மதுப் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு வாஞ்சூர் தாண்டி நாகூர்ப் பக்கம் வந்தால் போலீஸ் பிடிக்கும். பாட்டில் அதே பாட்டில், கடைக்காரரின் லைசென்ஸும் அசல்தான். ஆனால் அந்த லைசென்ஸ் வாஞ்சூரோடு முடிந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் வேறு சட்டம்.

இப்போது பந்தயத் தளத்துக்கு வருவோம். நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் மசோதாவை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றினார்கள், ஏப்ரலில் அது சட்டமாகிவிட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை விளையாட்டு என்று விலக்கிவிட்டு, அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டங்களுக்கான தடை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் சட்டத்தில் நடத்துபவருக்கு மட்டுமல்ல, ஆடுபவருக்கும் தண்டனை உண்டு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, நடத்துவது குற்றம் என்கிறது அது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கும் பணம் கைமாற்றிக் கொடுப்பவருக்கும் தனித்தனித் தண்டனை.

ஆகவே "இந்தத் தளத்துக்குத் தமிழ்நாட்டில் லைசென்ஸ் இருக்கிறதா?" என்று தேடிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. கொடுப்பதற்கு அதிகாரி இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை, பதிவேடு இல்லை. இருக்கிறது என்று எவன் சொன்னாலும் அவன் பொய் சொல்கிறான், அல்லது வேறு எந்த ஊர்க் காகிதத்தையோ காட்டுகிறான்.

அந்த வேறு ஊர் பெரும்பாலும் குராசோ. வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரீபியன் கடலில், நெதர்லாந்து முடியாட்சியைச் சேர்ந்த ஒரு சிறு தீவு. பரப்பு 444 சதுர கிலோமீட்டர். பந்தயத் தளங்களின் அடியில் பொடி எழுத்தில் அந்தத் தீவின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். `8048/JAZ` என்பது நம் பிள்ளைகளின் போனில் அடிக்கடி தென்படும் எண்.

இந்த எண்ணின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தத் தீவு அரசு பல வருடங்களாகத் தானே ஒவ்வொரு கம்பெனிக்கும் உரிமம் கொடுக்கவில்லை. நாலு தனியார் நிறுவனங்களுக்கு மூல உரிமம் கொடுத்திருந்தது. அவர்கள் தங்கள் எண்ணுக்குக் கீழே எத்தனையோ தளங்களுக்கு உள்-உரிமம் கொடுத்தார்கள். நம்மூர் வழக்கில் சொன்னால் குத்தகைக்கு எடுத்தவர் உள்குத்தகைக்கு விடுவது போல. ஆடுபவர் புகார் கொடுத்தால் கேட்பதற்கு அரசு அலுவலகம் என்று ஒன்று நடைமுறையில் இல்லை. பேரழுத்தம் வந்த பிறகு 2024 டிசம்பரில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது அந்தத் தீவின் அரசு ஆணையமே நேரடியாக உரிமம் கொடுக்கிறது. பழைய மூல உரிம முறை ஒழிந்துவிட்டது. இன்றைக்கும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும் தளம், காலாவதியான தாளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறது என்று பொருள். நான் சொன்ன நாலாவது கேள்வியிலேயே அது விழுந்துவிடுகிறது.

சரி, புது உரிமமே இருக்கட்டும். அதைச் சரிபார்ப்பது எப்படி? எந்த நாட்டு உரிமமானாலும் முறை ஒன்றுதான். தளத்தின் அடியில் இருக்கும் முத்திரைப் படத்தைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. முத்திரையைத் தட்டினால் திறக்கும் பக்கத்தையும் அதே ஆள்தான் செய்து வைத்திருக்கலாம். உரிமம் கொடுத்த ஆணையத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து போக வேண்டும். இங்கிலாந்துக்கு `gamblingcommission.gov.uk`, பிரான்சுக்கு `anj.fr`. தளத்தின் விதிமுறைப் பக்கத்தில் கம்பெனியின் பதிவுப் பெயர் இருக்கும். அது விளம்பரப் பெயராக இருக்காது, வேறு ஏதோ பெயராக இருக்கும். அந்தப் பெயரை ஆணையத்தின் பதிவேட்டில் தேட வேண்டும். கிடைத்தால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டதா, சரண் செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, நம் போனில் இருக்கும் இணைய முகவரி, எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண், அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசிப் படியில்தான் பெரும்பாலானவை விழும். அரசு ஒரு முகவரியை முடக்கினால் மறுநாளே பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்து வேறு முகவரியில் வருகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "புது லிங்க்" என்று அனுப்புகிறார்கள். பதிவேட்டில் இல்லாத முகவரிக்கு உரிமமும் இல்லை. ஒரு கொட்டகைக்குக் கொடுத்த உரிமத்தை வைத்துப் பக்கத்துத் தெருவில் இன்னொரு கொட்டகையில் படம் ஓட்ட முடியுமா?

உரிமம் என்றால் என்ன என்பதைப் பிரான்சைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். என் தங்கை மகன் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். கால்பந்துக்கு அவ்வப்போது ஐந்து, பத்து யூரோ கட்டுவான். எனக்கு அது பிடிக்காது என்பது வேறு விஷயம். அங்கே 2010 மே மாதச் சட்டத்தில் இணையப் பந்தயத்துக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் அதை 'அக்ரெமான்' என்பார்கள். ஐந்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விளையாட்டுப் பந்தயம், குதிரைப் பந்தயம், போக்கர் மூன்றுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். இணையச் சூதாட்ட விடுதிக்கு உரிமமே கிடையாது. உரிமம் பெற்ற கம்பெனிகளின் பட்டியலை ஆணையம் வெளியிட்டிருக்கிறது. பிரெஞ்சு தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் படித்து முடித்துவிடலாம், பட்டியல் அவ்வளவு சிறியது. அந்தப் பட்டியலில் இல்லாமல் கடை போட்டால் மூன்று ஆண்டு சிறையும் 90,000 யூரோ அபராதமும்.

அங்கே கணக்குத் திறந்தால் முதலில் அது தற்காலிகக் கணக்குத்தான். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், விலாசம், வங்கிக் கணக்கு எல்லாம் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையின் நகல் அனுப்பி, சரிபார்த்து முடியும் வரை பணத்தை வெளியே எடுக்க முடியாது. குறித்த காலத்துக்குள் முடிக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். ஜெயித்த பணம் ஆடியவரின் சொந்தப் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டுமே போகும். அண்ணன் கணக்குக்கு, நண்பன் கணக்குக்கு என்றெல்லாம் கேட்க முடியாது. இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி இறுக்கம். 2019 மே மாதத்திலிருந்து பெயர், விலாசம், பிறந்த தேதி மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் ஆட விட வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்க வரும்போது முதல்முறையாகக் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது என்றே விதி போட்டிருக்கிறார்கள்.

அந்த விதியை ஏன் போட்டார்கள்? கட்டும்போது ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்வது, எடுக்கும்போது ஆவணம் ஆவணமாகக் கேட்பது, ஆள் சலித்துப்போய் அந்தப் பணத்தையும் வைத்து ஆடித் தோற்கும் வரை காத்திருப்பது என்று அங்கேயே தந்திரங்கள் இருந்தன. உரிமம் உள்ள நாட்டிலேயே அப்படி என்றால், உரிமமே இல்லாத இடத்தில் எப்படி இருக்கும்? எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பையனின் பெயரும் தளத்தின் பெயரும் வேண்டாம்.

பையனுக்கு இருபத்து மூன்று வயது. அப்பா தறிக்காரர். இவன் போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். ஐபிஎல் சமயத்தில் நாலைந்து தடவையாக மொத்தம் 14,000 ரூபாய் கட்டியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் தளம் வெவ்வேறு யுபிஐ முகவரி கொடுத்திருக்கிறது. ஒரு தடவை ஒரு மளிகைக் கடைப் பெயர், இன்னொரு தடவை ஏதோ ஒரு பெண் பெயர். அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்று 1,500 ரூபாய் எடுக்கக் கேட்டான். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அனுப்பியது முன்பின் தெரியாத ஒரு தனிநபர். "பார்த்தீங்களா, ஒரிஜினல் கம்பெனி" என்று தெருவெல்லாம் சொன்னான். சின்னத் தொகை சீக்கிரம் வருவது அவர்கள் போடும் தீனி, தூண்டிலில் புழு மாதிரி.

பிறகு அவன் கணக்கில் 86,400 ரூபாய் சேர்ந்ததாகத் திரை காட்டியது. எடுக்கப் போனான். ஆதார் இரண்டு பக்கம், பான் அட்டை, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், கையில் தேதி எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு செல்ஃபி. எல்லாம் அனுப்பினான். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் 'மேனேஜர்' செய்தி: அரசு விதிப்படி 30 சதவீத வரி, 25,920 ரூபாய், முதலில் கட்டினால் முழுத் தொகையும் விடுவிக்கப்படும். அதற்குத்தான் என்னிடம் வந்தான். "தாத்தா, பென்ஷன் பணம் இருந்தா குடுங்க, நாளைக்கே திருப்பித் தந்துருதேன்."

நான் பணம் கொடுக்கவில்லை, ஒரு தாளும் பேனாவும் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

வருமான வரிச் சட்டத்தில் இணைய ஆட்டத்தில் ஜெயித்த தொகைக்கு 30 சதவீத வரி இருப்பது உண்மைதான். பொய்யில் ஒரு துளி உண்மை கலந்தால்தான் விலைபோகும். ஆனால் 2023 ஏப்ரலில் வந்த விதி என்ன சொல்கிறது? பணம் கொடுப்பவர் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். எனக்குச் சம்பளத்தில் வரி பிடித்த மாதிரிதான். என் கருவூலம் ஒருநாளும் "முதலில் வரியைக் கொண்டுவந்து கட்டு, பிறகு சம்பளம் தருகிறேன்" என்று சொன்னதில்லை. கொடுக்க வேண்டிய பணம் அவன் கையில் இருக்கும்போது வரிக்கு உன் பாக்கெட்டில் ஏன் கை விடுகிறான்?

இரண்டாவது, கணக்கும் தப்பு. வரி, நிகர வெற்றித் தொகைக்குத்தான். எடுத்ததிலிருந்து கட்டியதைக் கழிக்க வேண்டும். முன்பு எடுத்த 1,500, இப்போது எடுப்பதாகச் சொல்லும் 86,400, ஆக 87,900. அதில் கட்டிய 14,000 போனால் 73,900. அதற்கு 30 சதவீதம் 22,170. அவர்கள் திரையில் இருந்த மொத்தத் தொகைக்கே போட்டிருந்தார்கள். வரி பிடிக்கிற எந்த நிறுவனமும் இப்படிக் கணக்குப் போடாது. மூன்றாவது, வரி பிடித்துக் கட்டுபவருக்கு வருமான வரித்துறை கொடுத்த 'டான்' எண் இருக்க வேண்டும். பிடித்த தொகை பையனின் பான் எண்ணில் வரிக் கணக்கில் தெரிய வேண்டும். "டான் நம்பர் கேள்" என்றேன். கேட்டான். அரை மணி நேரத்தில் அவனுடைய எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். 14,000 கட்டி 1,500 எடுத்தது போக, போனது 12,500. 25,920 போகாமல் நின்றது.

அதோடு முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் வங்கிக் கணக்கு முடங்கியது. சம்பளம் உள்ளே வருகிறது, வெளியே எடுக்க முடியவில்லை. வங்கியில் கேட்டால், வேறு மாநில சைபர் போலீஸ் உத்தரவு என்றார்கள். காரணம் அந்த 1,500 ரூபாய்தான்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2000-ல் போட்ட விதிகளில், லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவே தடை இருக்கிறது. ஆகவே வெளிநாட்டுப் பந்தயக் கம்பெனி தன் சொந்தப் பெயரில் இந்தியாவில் நேர்வழியாகப் பணம் வாங்க முடியாது. கமிஷனுக்குக் கணக்கை வாடகை விடும் ஏழை எளியவர்களின் பெயரில் வாங்குகிறது. அதே கணக்குகளில் வேறு மோசடிப் பணமும் வந்து விழும். மோசடியில் ஏமாந்தவர் 1930 எண்ணில் புகார் கொடுத்தால், போலீஸ் அந்தப் பணம் போன வழியெல்லாம் கணக்குகளை நிறுத்தச் சொல்லும். அதில் நம் பையனின் கணக்கும் ஒன்று. மகாதேவ் ஆப் விவகாரத்தில் அமலாக்கத்துறை சொன்னதும் இதே மாதிரிதான்: வெளிநாட்டில் தலைமை, ஊர் ஊராகக் கிளை, பினாமி வங்கிக் கணக்குகள். 2023 நவம்பரில் மத்திய அரசு அதையும் சேர்த்து 22 தளங்களை முடக்கியது.

பணம் வாங்கும் பெயரும் தளத்தின் பெயரும் வேறாக இருந்தால், அதுவும் ஒவ்வொரு தடவையும் மாறினால், வேறு எந்தப் பதிவேட்டையும் பார்க்க வேண்டாம். அந்த ஓர் அடையாளம் போதும். உரிமம் பெற்ற நிறுவனம் தன் பெயரில்தான் வாங்கும், தன் பெயரில்தான் கொடுக்கும்.

பையனின் கணக்குக்கு நான் சொன்ன வழி இதுதான். வங்கியில் எழுத்துமூலம் கேட்டு, புகாரின் ஒப்புகை எண், எந்த ஊர்க் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்று வாங்க வேண்டும். தகராறு 1,500-க்குத்தான் என்றால் அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி அந்த விசாரணை அதிகாரிக்கு மனு எழுத வேண்டும். சம்பளச் சீட்டும் கணக்கு விவரமும் இணைக்க வேண்டும். எழுதினோம். ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் ஒருவன் போன் பண்ணி, "போன பணத்தை மீட்டுத் தருகிறேன், 3,000 முன்பணம்" என்றான். அவனுக்கு எண் எங்கிருந்து கிடைத்தது? பையன் அனுப்பிய ஆவணங்கள் யார் கையில் இருக்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆதாரும் பானும் செல்ஃபியும் ஒன்றாகச் சேர்ந்தால் அவன் பெயரில் இன்னொரு வாடகைக் கணக்குத் திறக்கவும் உதவும்.

"ஏமாற்றாத தளமும் இருக்கும் அல்லவா?" என்று ஒருவர் கேட்டார். இருக்கட்டும். அங்கே இன்னொரு பூட்டு இருக்கிறது, போனஸ் என்று பெயர். 5,000 கட்டினால் 5,000 இனாம். ஆனால் அந்த இனாமைப் போல இருபது மடங்கு, அதாவது ஒரு லட்சம் ரூபாய்க்குப் பந்தயம் கட்டிய பிறகுதான் எடுக்கலாம் என்று விதியில் இருக்கும். டாஸ் யார் ஜெயிப்பார் என்பதற்கு இரண்டு பக்கமும் 1.90 கொடுப்பார்கள். நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால் 190 வரும், தோற்றால் ஒன்றும் வராது. பாதிக்குப் பாதி என்றால் சராசரியாகக் கைக்கு வருவது 95. நூற்றுக்கு ஐந்து கடைக்காரருக்கு. ஒரு லட்சம் சுற்றினால் ஐயாயிரம் அவருக்கு. கொடுத்த இனாம் அப்படியே திரும்பிப் போயிற்று. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, கணக்குத்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணம் தரவில்லை என்று எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. குறிப்பிட்ட குதிரைப் பந்தயப் பரிசுகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. குராசோ உரிமம் அசலாகவே இருந்தாலும், அதைக் காட்டி நம்மூர் நீதிமன்றத்தில் ஒரு ரூபாய் வசூலிக்க முடியாது. உரிமத்தின் பயன் என்ன? தகராறு வந்தால் கேட்க ஆள் இருப்பது. அந்த ஆளே இல்லாதபோது உரிமத்தை வைத்து என்ன செய்வது?

"தடை போட்டதால்தானே வெளிநாட்டுக் கம்பெனியிடம் போகிறார்கள், பிரான்ஸ் மாதிரி உரிமம் கொடுத்தால் என்ன?" என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேசட்டும். ஆனால் பிரான்ஸ் மாதிரி என்றால் சின்னப் பட்டியல், ஐந்து வருடக் கெடு, சொந்தப் பெயர்க் கணக்கு, சிறைத்தண்டனை எல்லாம் சேர்த்துத்தான் பிரான்ஸ் மாதிரி. அது வருகிற நாள் வரைக்கும், கரீபியன் தீவின் தாளைக் காட்டி "லைசென்ஸ் இருக்கிறது" என்று இங்கே சொல்லக் கூடாது.

என் கோபம் பிள்ளைகள்மேல் குறைவு. செய்தித் தளம் என்ற வேடத்தில் வந்த விளம்பரங்களை வாங்கிப் போட்டவர்கள்மேல்தான் அதிகம். 2022 அக்டோபரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே தொலைக்காட்சிகளுக்கும் இணையத்தளங்களுக்கும் பெயர் சொல்லி எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. பனியனில் பெயர் போட்டுக்கொண்ட விளையாட்டு வீரர்களும், "பொறுப்போடு விளையாடுங்கள்" என்று கடைசியில் வேகமாகப் படித்துவிட்டுப் போகும் நடிகர்களும்தான் இந்த 'லைசென்ஸ்' என்ற சொல்லுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தார்கள்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தடைச் சட்டம் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. ஒவ்வொரு வங்கிக் கிளையிலும், பேருந்து நிலையத்திலும், தமிழில் மூன்று வரி எழுதி ஒட்டுங்கள். தமிழ்நாட்டில் எந்த இணையப் பந்தயத்துக்கும் உரிமம் கிடையாது. வரியை முன்கூட்டிக் கட்டச் சொல்பவன் திருடன். தெரியாத பெயரிலிருந்து வரும் பந்தயப் பணம் உங்கள் கணக்கை முடக்கும். புகாருக்கு 1930 என்று கீழே போடுங்கள். ஆடித்தபசுக்கு வருகிற கூட்டத்தில் நூறு பேர் அதைப் படித்தாலும் சரி, அது நடக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

யாராவது உங்களிடம் லைசென்ஸ் என்று ஆரம்பித்தால், நாலு கேள்வியையும் கேட்க வேண்டாம். மூன்றாவதை மட்டும் கேளுங்கள்: "எந்த ஊர் வரைக்கும் செல்லும்?"